பேங்க் ஆப் இல்லாமல் கிளையில் வரி கட்டுவது: எந்தத் தாள் ரசீது, எது ரசீது இல்லை

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, ஓய்வூதியர். செல்போனில் பேங்க் ஆப் எதுவும் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார், நெட் பேங்கிங்கும் கிடையாது. ரிட்டர்ன் போடும் முன் 42,380 ரூபாய் வருமான வரி கட்டச் சொல்கிறார் ஆடிட்டர். பேங்கில் நேரே போய் சலான் கட்ட முடியுமா? கட்டியதற்கு எதை ஆதாரமாக வைத்துக்கொள்வது?

கட்டலாம். ஆப், நெட் பேங்கிங், டெபிட் கார்டு எதுவும் தேவையில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்குப் பழக்கமான முறை இப்போது இல்லை. முன்பெல்லாம் கவுண்டரில் 280 என்ற சலானை வாங்கிக் கையால் நிரப்பிக் கொடுத்தால் போதும். இப்போது வருமான வரித் துறையின் இணையதளத்தில் முதலில் சலானை உருவாக்கி, அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். பணம் கிளையில்தான், காகிதம் மட்டும் இணையத்தில். நான் பேங்க் கவுண்டரில் வரி வாங்கும் இருக்கையில் பல வருடங்கள் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு தெரிந்த ஓய்வூதியர்களுக்கு இந்தக் காகித வேலையைச் செய்து கொடுத்து வருகிறேன். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான். இணையதளத்திலிருந்து அச்சிட்ட சலானைப் பார்த்ததுமே, வரி கட்டியாகிவிட்டது என்று நினைத்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள்.

அந்தச் சலானில் சி.ஆர்.என். என்று ஒரு எண் இருக்கும். 'இவ்வளவு வரி கட்டப் போகிறேன்' என்று நீங்கள் சொன்னதைத் துறை பதிவு செய்துகொண்டதற்கான எண் அது. ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம். பேங்க் பணத்தை வாங்கிய பிறகு கிடைப்பதுதான் சி.ஐ.என். அது பணம் வாங்கிய கிளையின் ஏழு இலக்க பி.எஸ்.ஆர். குறியீடு, பணம் செலுத்திய தேதி, ஐந்து இலக்க சலான் வரிசை எண் ஆகிய மூன்றும் சேர்ந்தது. ரிட்டர்னில் வரி கட்டிய விவரம் கேட்கும் இடத்தில் இந்த மூன்றும் தொகையும்தான் போகும். எனவே கையில் இருக்கும் தாளில் பி.எஸ்.ஆர். குறியீடும் சலான் வரிசை எண்ணும் இருந்தால் அது ரசீது. சி.ஆர்.என். மட்டும் இருந்தால் அது வெறும் விண்ணப்பம். ஒரு பெரியவர் வரிப் பணத்தை ரொக்கமாக ஓர் இடைத்தரகரிடம் கொடுத்தார். அவன் கொண்டுவந்து கொடுத்தது சி.ஆர்.என். மட்டும் உள்ள தாள். அரசு முத்திரையெல்லாம் அச்சாகி அழகாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து, வரி பாக்கி என்று அறிவிப்பு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

சலானை உருவாக்க அப்பாவின் லாகின் தேவையில்லை. நீங்களோ ஆடிட்டர் அலுவலகமோ செய்யலாம். incometax.gov.in முகப்பிலேயே e-Pay Tax என்று இருக்கும். அதில் அப்பாவின் பான் எண்ணை இரண்டு முறை அடித்து, ஏதாவது ஒரு செல்போன் எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அது வருமான வரித் தளத்தின் ஓ.டி.பி., பேங்க் ஓ.டி.பி. இல்லை என்று அப்பாவுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார். கிளையில் கட்டும் இந்த வழியில் கணக்கு எண்ணையோ கார்டு எண்ணையோ தளம் கேட்காது. யாராவது கேட்டால் நீங்கள் வேறு எங்கோ போய்விட்டீர்கள் என்று அர்த்தம், மூடிவிடுங்கள். ஓ.டி.பி. சரியானதும் பான் எண்ணும் பாதி மறைக்கப்பட்ட பெயரும் திரையில் தெரியும். அதைப் பார்க்காமல் தாண்டாதீர்கள். பான் எண்ணை இரண்டு முறையும் ஒரே மாதிரி தப்பாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெயரின் முதல் எழுத்தாவது ஒத்துப்போகிறதா என்று பார்க்க இதுதான் சமயம்.

அடுத்துள்ள இரண்டு தேர்வுகளில் தவறினால் பணம் அரசுக்குப் போய்விடும், ஆனால் அப்பாவின் கணக்கில் சேராமல் நிற்கும். ஒன்று ஆண்டு. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்கு வரி என்றால், மதிப்பீட்டு ஆண்டு, அதாவது Assessment Year, 2026-27. நிதியாண்டையும் மதிப்பீட்டு ஆண்டையும் குழப்பி 2025-26 என்று போடுவது பழைய தவறு. இப்போது புதுக் குழப்பம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து, அதில் மதிப்பீட்டு ஆண்டு என்ற பேச்சே இல்லாமல் 'வரி ஆண்டு' என்று ஆகிவிட்டது. வரி ஆண்டு 2026-27 என்றால் 2026 ஏப்ரலுக்குப் பிறகு வரும் வருமானம். மதிப்பீட்டு ஆண்டு 2026-27 என்றால் அதற்கு முந்தைய ஆண்டின் வருமானம். எண் ஒன்று, பொருள் வேறு. திரையில் எந்தப் பெயருக்குக் கீழே அந்த எண் இருக்கிறது என்பதைப் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டாவது, வரியின் வகை. ரிட்டர்ன் போடும் முன் மீதமுள்ள வரியைத் தாமாகவே கட்டுவது Self-Assessment Tax (300). ஆண்டு நடக்கும்போதே கட்டும் முன்கூட்டிய வரிக்கு 100, துறை அறிவிப்பு அனுப்பிக் கேட்ட பாக்கிக்கு 400. அப்பாவுக்கு 300தான். தொகையை வரி, செஸ், வட்டி என்று பிரித்துக் கேட்கும் கட்டங்கள் வரும். ஆடிட்டர் பிரித்துக் கொடுத்திருந்தால் அப்படியே போடுங்கள். மொத்தமாகச் சொல்லியிருந்தால் பலரும் வரி என்ற முதல் கட்டத்திலேயே முழுத் தொகையையும் போட்டுவிடுகிறார்கள். ரிட்டர்னில் வரவு வைக்கப்படுவது சலானின் மொத்தத் தொகைதான்.

இந்த 42,380 எங்கிருந்து வந்தது என்று அப்பா நிச்சயம் கேட்பார், என்னிடம் வரும் எல்லாரும் கேட்கிறார்கள். அவருடைய கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் இப்படி ஒரு கணக்கு இருந்தால் சரியாக அந்தத் தொகை வரும். ஓய்வூதியம் ஆண்டுக்கு 9,60,000. ஒரே பேங்கில் உள்ள டெபாசிட்டின் வட்டி 5,20,000. மொத்தம் 14,80,000, நிலையான கழிவு 75,000 போக 14,05,000. புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம், 40,000. மீதி 2,05,000க்கு 15 சதவீதம், 30,750. ஆக 90,750, அதன் மேல் 4 சதவீத செஸ் 3,630, மொத்தம் 94,380. ஓய்வூதியம் மட்டும் தனியாகப் பார்த்தால் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிடும், அதனால் ஓய்வூதியம் கொடுக்கும் இடத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை. டெபாசிட் வட்டியில் மட்டும் 10 சதவீதம், 52,000 டி.டி.எஸ். பிடித்திருக்கிறார்கள். 94,380இல் 52,000 போனால் 42,380. 'பேங்கிலேயே பிடித்துவிட்டார்களே' என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் முழுசாகப் பிடிக்கவில்லை. இரண்டு வருமானத்தையும் கூட்டும்போதுதான் மேல் படிக்கட்டு வரி வருகிறது, அந்தக் கூட்டலை யாரும் அவருக்காகச் செய்வதில்லை.

இதில் மூத்த குடிமக்களுக்கு ஒரு சலுகை உண்டு. தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்த இந்தியவாசிகள் முன்கூட்டிய வரி கட்ட வேண்டியதில்லை. ஆகவே ஆண்டு நடுவில் கட்டாததற்காக வட்டி வராது. ரிட்டர்னுக்கான கடைசி நாளுக்குள் கட்டிவிட்டு ரிட்டர்னும் போட்டுவிட்டால் 42,380 மட்டும்தான். சாதாரணமாக அந்த நாள் ஜூலை 31. தாண்டிவிட்டால் கட்டாத வரியின் மேல் மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி ஏறும், மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதம்.

இப்போது பணம் கட்டும் வழி. Over The Counter என்பதைத் தேர்ந்தெடுத்தால் ரொக்கம், செக், டி.டி. என்று மூன்று வரும். ரொக்கத்துக்கு ஒரு சலானுக்கு 10,000 ரூபாய் வரைதான் வரம்பு. சிலர் ஐந்து சலானாகப் பிரித்து ரொக்கமாகக் கட்டலாமா என்று கேட்பார்கள். ஐந்து சலான் என்றால் ஐந்து ரசீது, ரிட்டர்னில் ஐந்து பதிவு, எழுதும்போது ஒரு எண் மாறினாலும் அந்தத் தொகை ஒட்டாது. வேண்டாம். செக்தான் நல்லது. எந்த பேங்க் என்று தளம் கேட்கும்போது, அப்பா கணக்கு வைத்திருக்கும் பேங்கே பட்டியலில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சொந்த பேங்கின் செக் என்றால் கணக்கிலிருந்து உடனே எடுத்துவிடலாம், வேறு பேங்க் செக் என்றால் கிளியரிங் முடியும்வரை ரசீதுக்குக் காத்திருக்க வேண்டும். ஒரு பேங்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு இன்னொரு பேங்கின் கவுண்டரில் நின்றால் வாங்க மாட்டார்கள். சலான் அந்த பேங்கின் கணினிக்குத்தான் போயிருக்கும்.

செக் யார் பெயரில் எழுதுவது என்பது கிளைக்குக் கிளை வேறுபடுகிறது. பேங்கின் பெயரைப் போட்டு அதன் கீழ் வருமான வரிக் கணக்கு என்று எழுதச் சொல்வதுதான் நான் அதிகம் பார்த்தது. சலானைக் காட்டிக் கேட்டுவிட்டு அங்கேயே எழுதுங்கள். செக்கின் பின்பக்கம் பான் எண், சி.ஆர்.என்., தொடர்பு எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். கிளையில் தாள்கள் கலந்தாலும் இது யாருடையது என்று தெரியும். அதேபோல், சிறிய கிளைகளில் வரி வாங்குவதில்லை, பக்கத்துப் பெரிய கிளைக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்புவதுண்டு. அப்பாவை அழைத்துக்கொண்டு போகும் முன் ஒரு போன் செய்து கேட்டுவிடுவது நல்லது. சலானை உருவாக்கிய நாளிலிருந்து 15 நாளைக்குத்தான் அது செல்லுபடி. தாண்டினால் நஷ்டமில்லை, புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பழையதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், வீட்டில் இரண்டு சலான் கிடந்தால் இரண்டு முறை கட்டும் ஆட்களும் உண்டு.

அப்பாவின் பேங்க் அந்தப் பட்டியலில் இல்லை என்றால், அதே தளத்தில் NEFT/RTGS என்று ஒரு வழி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் சலானுக்குப் பதிலாக ஒரு Mandate Form வரும். அதில் பணம் பெறுபவரின் கணக்கு எண், ஐ.எப்.எஸ்.சி. குறியீடு எல்லாம் அச்சாகியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு அவருடைய கிளைக்கே போய், பணம் அனுப்பும் படிவத்தையும் செக்கையும் கொடுத்தால் அவர்களே அனுப்பிவிடுவார்கள். இதற்கும் ஆப் வேண்டாம். பேங்க் சிறு கட்டணம் எடுக்கலாம், அதை வரித் தொகையிலிருந்து கழிக்காமல் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் அந்த நீள எண்ணைக் கையால் அடிக்க வேண்டியிருக்கும், அடித்து முடித்ததும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்வதில் தப்பில்லை. அப்போது கிடைக்கும் யு.டி.ஆர். எண் பணம் போனதற்குச் சான்று. வரி வரவானதற்கு அதுவும் போதாது, பின்னால் வரும் சலான் ரசீதுதான் வேண்டும்.

கிளையில் கட்டும்போது கவுண்டரை விட்டு நகரும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பான் எண், ஆண்டு, 300 என்ற வகை, தொகை, தேதி ஆகியவற்றையும், பி.எஸ்.ஆர். குறியீடும் சலான் எண்ணும் தெளிவாகப் படிக்க முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் மை அடர்த்தியில்லாமல் 3ம் 8ம் ஒன்றாகத் தெரிந்தால் அங்கேயே பேனாவால் எழுதி வாங்குங்கள். நான் அந்த இருக்கையில் இருந்தபோது அப்படிக் கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. மார்ச்சில் வந்து 'அந்த எண் என்ன சார்' என்று கேட்டவர்களால்தான் பழைய கட்டுகளைப் பிரித்துத் தேட வேண்டிவந்தது. செக் கிளியர் ஆன பிறகுதான் ரசீது என்று சொன்னால், செக்கைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட அடிக்கட்டையாவது வாங்கிக்கொண்டு, எந்த நாள் வர வேண்டும் என்று கேட்டு வையுங்கள். ஜூலை 31க்கு ஒரு வாரமாவது முன்னால் போகச் சொல்வது இதற்காகத்தான். கடைசி இரண்டு நாளில் கவுண்டரில் உள்ளவரிடம் நிதானம் எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் அந்த ரசீதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, செல்போனில் படமும் எடுத்துவிடுங்கள். சில பிரிண்டர் தாள்களில் எழுத்து ஒரே கோடையில் வெளுத்துவிடும். பாஸ்புக்கில் அந்தப் பற்றை என்ட்ரி போட்டு வாங்குங்கள், பணம் எந்த நாள் கணக்கை விட்டுப் போனது என்பதற்கு அது தனிச் சாட்சி. மூன்று நான்கு நாள் கழித்து ஆடிட்டரை அப்பாவின் லாகினில் பார்க்கச் சொல்லுங்கள். e-Pay Tax பகுதியில் Payment History என்ற இடத்தில் சலான் ரசீது பதிவிறக்கம் செய்யக் கிடைக்கும். ஏ.ஐ.எஸ். எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் கட்டிய வரிக்கான பகுதியிலும் அது வந்துவிட வேண்டும். பாஸ்புக்கில் பணம் போயிருந்து, இங்கே ஒரு வாரமாகியும் வரவில்லை என்றால், கிளையில் ஏதோ நின்றிருக்கிறது. முத்திரையிட்ட ரசீதோடு போய்க் கேட்க வேண்டியது கிளையைத்தான், வருமான வரி அலுவலகத்தை அல்ல. இது வந்துவிட்டதா என்று பார்க்காமல் ரிட்டர்ன் போட வேண்டாம் என்பது என் பழக்கம். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் வரி கட்டியும் பாக்கி என்று கணினி அறிவிப்பு அனுப்பிவிடும்.

ஆண்டோ வகையோ தப்பாகிவிட்டது என்று பிறகு தெரிந்தால், தளத்தில் Challan Correction என்ற வசதி இருக்கிறது. ஆண்டை மாற்றப் பணம் கட்டியதிலிருந்து 7 நாள், வரியின் வகையை மாற்ற 30 நாள். அதைத் தாண்டினாலோ, பான் எண்ணே தப்பானாலோ, வரி அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். தீரும், ஆனால் எத்தனை மாதம் என்று என்னால் சொல்ல முடியாது. கட்டிய வாரத்திலேயே லாகினில் பார்க்கச் சொல்வதற்கு இந்த 7 நாள் கணக்கும் ஒரு காரணம்.

எத்தனை நாள் வைத்திருப்பது? ரிட்டர்ன் போட்டபின் துறையிடமிருந்து கணக்கு சரிபார்த்த அறிவிப்பு வரும்வரை ரசீது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அந்த அறிவிப்பில் 42,380 வரவாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகு, ரசீது, பாஸ்புக் பக்கத்தின் ஜெராக்ஸ், ரிட்டர்ன், அறிவிப்பு நான்கையும் ஒன்றாகத் தைத்து உள்ளே வைக்கலாம். நான் எட்டு ஆண்டு வைத்திருக்கச் சொல்வேன், சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை, என் முன்ஜாக்கிரதை அது. காகித ரசீது தொலைந்துபோனாலும் பதறாதீர்கள், தளத்திலிருந்து மறுபடி எடுக்கலாம். ஆனால் அதற்கு அப்பாவின் லாகினும் பாஸ்வேர்டும் வேண்டும். அது இப்போது ஆடிட்டர் கையில் மட்டும் இருக்கிறது என்றால், இந்த வேலை முடிவதற்குள் ஒரு தாளில் எழுதி வாங்கி, அதே கோப்பில் வையுங்கள்.